பதில் வந்தது... என்னென்ன வந்தது?

போன வாரம் எங்கள் தெரு டீச்சர் ஒரு பழுப்பு உறையோடு வந்து நின்றார். "தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டதுக்கு பதில் வந்துடுச்சு தம்பி. எல்லாத்தையும் குடுத்துட்டாங்க போல, உறை கனமா இருக்கு" என்றார்.

எங்களுடையது முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்துபோன பகுதி. அதனால் மழைநீர் வடிகால் என்றால் இங்கே எல்லோருக்கும் அக்கறை உண்டு. புதிதாகக் கட்டிய வடிகாலில் தண்ணீர் தேங்கியே நிற்கிறதே என்றுதான் டீச்சர் ஆறு கேள்விகள் கேட்டிருந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

பதில் கடிதத்தைப் படிக்கும்முன் அவருடைய மனுவின் நகலைக் கேட்டேன். கடிதத்தை மட்டும் படித்தால், அலுவலகம் சொன்னது தெரியும். சொல்லாமல் விட்டது தெரியாது. ஒரு தாளில் ஆறு கேள்விகளையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போட்டோம்: கிடைத்த பதில், மறுப்பு, இணைத்த ஆவணம்.

முதல் இரண்டு கேள்விகள், மதிப்பீட்டின் நகலும் வேலை உத்தரவின் நகலும். "இணைப்பு காண்க" என்றிருந்தது. வேலை உத்தரவு முழுசாக இருந்தது. மதிப்பீட்டைப் பிரித்து எண்ணினோம். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஆறு பக்கங்களில் இத்தனையாவது என்று அச்சாகியிருக்கிறது. உறையில் இருந்ததோ 1, 2, 5, 6. வடிகாலின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் வரவேண்டிய நடுப்பக்கங்கள் இரண்டும் இல்லை. வேண்டுமென்றே எடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஜெராக்ஸ் எடுக்கும்போது தவறியிருக்கலாம். ஆனால் 'இணைத்த ஆவணம்' கட்டத்தில் "3, 4 பக்கங்கள் வரவில்லை" என்று எழுதியாக வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். எம்-புக் நகல் கேட்டிருந்தார். எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் வேலை நடந்தது என்று அளந்து பதிகிற புத்தகம் அது. அந்த அளவை வைத்துத்தான் பில் பாஸாகும். அதற்கு வந்த பதில்: "பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது." அது தனிநபர் சொந்த விவரங்களுக்கான பிரிவு. பொதுப்பணத்தில் கட்டிய வடிகாலின் ஆழம் யாருடைய சொந்த விவரம்? அதில் யாருடைய வங்கிக் கணக்கு எண்ணாவது இருந்தால், அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று பிரிவு 10 சொல்கிறது. அதோடு, மறுத்தால் காரணத்தையும், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 7(8). பிரிவு எண்ணைத் தவிர இங்கே எதுவும் இல்லை.

நான்காவதில்தான் டீச்சர் ஏமாந்திருந்தார். எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்பது கேள்வி. "ஒப்பந்ததாரருக்கு விதிகளின்படி தொகை வழங்கப்பட்டது" என்பது பதில். டீச்சர் இதைக் 'கிடைத்த பதில்' கட்டத்தில் எழுதியிருந்தார். அதில் தேதி எங்கே, தொகை எங்கே? அடித்துவிட்டு, நாலாவதாக ஒரு கட்டம் போட்டோம்: 'பதில் போல இருப்பது'. இப்படிப்பட்ட வரிகளை மறுப்பு என்றும் எழுத முடியாது, ஏனென்றால் அவர்கள் மறுக்கவில்லை. பல மனுக்கள் இந்த இடத்தில்தான் அமுங்கிப்போகின்றன.

ஐந்தாவது, வேலையை மேற்பார்வையிட்ட பொறியாளரின் பெயரும் பதவியும். தெளிவாகக் கொடுத்திருந்தார்கள்.

ஆறாவது, "தண்ணீர் ஏன் வடியவில்லை?" விளக்கம் கேட்பது சட்டத்தில் வராது என்று எழுதியிருந்தார்கள். டீச்சருக்குக் கோபம். எனக்கு இதில் அலுவலகத்தின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. கையில் பதிவாக இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்கலாம். புதிதாகக் காரணம் யோசித்து எழுதித்தரச் சொல்ல முடியாது. "வேலை முடிந்தபின் நடந்த ஆய்வு அறிக்கையின் நகல்" என்று கேட்டிருந்தால் அது ஆவணம். அதற்குத் தனி மனுதான் போடவேண்டும், மேல்முறையீட்டில் புதுக் கேள்வியைச் சேர்த்தால் எடுபடாது.

ஆக, கனமான அந்த உறையில் முழுசாக வந்தது இரண்டு: வேலை உத்தரவும் பொறியாளர் பெயரும். மதிப்பீட்டில் பாதிக்கு மேல் வந்தும் வேண்டியது வரவில்லை. எம்-புக் மறுப்பு. தொகை பற்றியது பதில் போல இருப்பது. யோசித்துப் பாருங்கள், வடிகால் எவ்வளவு ஆழம் போட்டார்கள், அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும் தாள்கள்தான் இல்லை!

முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். கடிதத்தில் அச்சிட்ட தேதிக்கும் தபால் வந்த தேதிக்கும் ஒன்பது நாள் வித்தியாசம் இருந்ததால், உறையைத் தூக்கிப்போடாமல் அதன் மேலேயே வந்த தேதியை எழுதி வைத்தோம். மேல்முறையீட்டு அலுவலர் அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் இருப்பவர். கடிதத்தில் அவர் பெயர் இல்லாததால், "மேல்முறையீட்டு அலுவலர்" என்று பதவியைப் போட்டு எழுதினோம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. எங்கள் தாளில் கேள்வி 1, 3, 4-க்கு எதிரே இருந்ததை அப்படியே எடுத்து எழுதினோம், ஆறாவதை விட்டுவிட்டோம். திங்கள்கிழமை மேற்குத் தாம்பரத்தில் விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதை அந்தத் தாளின் மூலையில் பின் அடித்து வைத்திருக்கிறார் டீச்சர்.