இல்லாத நாற்றமும் இருக்கின்ற பயமும்

“அம்மா, என் மேல் நாற்றம் அடிக்கிறதா?”

என் பெரியம்மாவின் மகள் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இப்படிக் கேட்பாள். “இல்லையடி கண்ணு” என்று பெரியம்மா சொன்னதும் அரை மணி நேரம் நிம்மதி. பிறகு மீண்டும் அதே கேள்வி. நான்கு வேளை குளிப்பாள். ஒரு சோப்பு மூன்று நாளில் கரைந்துவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியே அமர்ந்தவள், பின்னர் பள்ளிக்குப் போகவே மறுத்துவிட்டாள். உண்மையில் அவள் மேல் எந்த நாற்றமும் இல்லை.

இது எங்கே தொடங்கியது? நம் செஞ்சிக் கோட்டையில்தான். தோழியருடன் சென்றபோது, பழைய களஞ்சியத்தினுள் ஒருத்தி தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “என்னால்தான்” என்று அக்கா முடிவு கட்டினாள். அன்று மாலை பேருந்தில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மறுநாள் வகுப்பில் ஒருத்தி தும்மினாள். எல்லாமே அவளுக்குச் சாட்சிகளாகிவிட்டன.

பல் மருத்துவரும் தோல் மருத்துவரும் பார்த்துக் குறையொன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் மனநல மருத்துவர்தான் பொறுமையாகக் கேட்டார்: “உன் மேல் நாறுகிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? களஞ்சியத்தில் வேறு என்ன இருந்தது?” அக்கா யோசித்தாள். ஒருவரும் சொல்லவில்லை. களஞ்சியத்தில் இருந்தது வௌவால் எச்சம்!

இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. 1971-ஆம் ஆண்டில் வில்லியம் பிரைஸ்-பிலிப்ஸ் என்ற மருத்துவர் இத்தகைய 36 நோயாளிகளைப் பற்றி எழுதினார். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனி நோயாக இடம் பெற்றிருக்கிறது. ஆகவே இதனை வீண் பிடிவாதம் என்று ஒதுக்குவது சரியன்று.

அப்படியானால் உண்மையான உடல் நாற்றம் என்பதே இல்லையா? உண்டு. நம் உடம்பில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடல் முழுவதும் சுரப்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அதற்கு அதிக மணமில்லை. அக்குள் போன்ற இடங்களில் உள்ள மற்றொரு வகை, நம் வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த வியர்வையைத் தோலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது.

இந்த வாடை வெயிலிலும் விளையாட்டிலும் கூடும். அக்குளைச் சோப்பிட்டுக் கழுவி, துவைத்து வெயிலில் உலர்த்திய உடை அணிந்தால் பெரும்பாலும் போய்விடும். பயத்தின் நாற்றமோ குளித்து வந்த மறுகணமே திரும்பிவிடும். குளிரிலும் வெயிலிலும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குச் சாட்சி பிறர் சொல் அன்று, பிறர் தும்மலும் ஜன்னலுமே.

நம் மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. எப்போதும் இருக்கும் வாடைக்கு அது பழகிப்போய்விடும். ஆகவே தாயிடமோ ஒரு நல்ல தோழியிடமோ ஒரே ஒரு முறை கேட்போம். மறைக்காமல் சொல்லும்படி கேட்போம். “ஆம்” என்றால் சுத்தம் செய்வோம். கழுவியும் வாடை நீங்கவில்லை என்று பிறரும் சொன்னால் மருத்துவரிடம் காட்டுவோம். சொத்தைப் பல், மூக்கில் சீழ், தோலில் தொற்று என்று காரணம் இருக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு உடலின் வேதி மாற்றத்தால் மீன் வாடை வருவதுண்டு. அதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் கண்டறியலாம்.

“இல்லை” என்று பதில் வந்தும் மனம் நம்ப மறுத்தால், மறுபடி மறுபடி கேட்பதை நிறுத்த வேண்டும். சொறியச் சொறிய அரிப்பு வளர்வதுபோல, கேட்கக் கேட்கப் பயம் வளர்கிறது. அக்காவுக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கேள்விகளையும் குளியல்களையும் வாரத்துக்கு வாரம் குறைக்கவும் பழக்கினார். பெரியம்மாவும் “இல்லை” என்று நூறு முறை சொல்வதை விட்டு, “பயம் வந்திருக்கிறது போலும்; வா, பூக்கட்டுவோம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அக்கா பள்ளிக்குத் திரும்பினாள். இன்றும் எப்போதாவது பயம் எட்டிப்பார்க்கிறது. ஆனால் அதற்காக அவள் வீட்டில் முடங்குவதில்லை.

பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் என் பணிவான கருத்து இதுவே: அடிக்கடி கை கழுவி, தனியே ஒதுங்கி அமரும் பெண்ணிடம் “சுத்தமாக இரு” என்று மேலும் அறிவுரை சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிக் கழுவிக்கொண்டிருக்கலாம். அவளை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுவை ஜிப்மருக்கோ அழைத்துச் சென்று மனநல மருத்துவரிடம் காட்டலாம். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது.

தோழியரே, கோட்டைக்குப் போகும்போது களஞ்சியத்தில் மூக்கைப் பொத்த நேர்ந்தால், “அப்பா, என்ன வௌவால் நாற்றம்!” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவள் அதைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளாமல் இருக்கட்டும்.