வயலைத் தொலைவிலிருந்து பார்த்தல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரத்தில் வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கும் நம் ஊர்களின் விவசாயிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவர்கள் வசிப்பது கடற்கரையில். அவர்களின் வட்டைகள் கிடப்பதோ மேற்கே, பலருக்குப் பல மைல்களுக்கு அப்பால். பயிரில் ஒரு மாற்றத்தைக் கண்டவர் அதைப் பற்றிப் பிறரிடம் விசாரிக்கும்போது, பெரும்பாலும் பயிரின் பக்கத்தில் நிற்பதில்லை. வீடு வந்து, தொழுது, சாப்பிட்டு, இரவில் கைத்தொலைபேசியிலுள்ள படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். நோயைப் பற்றிய சம்பாஷணை, நோயாளி இல்லாத இடத்தில் நடைபெறுகிறது. தனித்தனிப் படங்களை அனுப்புவதற்கும், வயலில் நின்றபடியே காணொளி அழைப்பில் நேராகக் காட்டுவதற்கும் உள்ள பேதம் இந்த ஒரு காரியத்தில் தெளிவாகப் புலப்படுவதால், அதை அறக்கொட்டியின் விஷயத்தில் வைத்து விளக்க விரும்புகிறேன்.

அறுபது நாள் பயிர் நிற்கும் வயலொன்றின் நடுவே, வட்டமாக ஓரிடம் மஞ்சளித்துக் காய்ந்திருப்பதை ஒருவர் காண்கிறார் எனக் கொள்வோம். வரம்பில் நின்றபடி மூன்று படங்கள் எடுக்கிறார். மூன்றிலும் இருப்பது அந்த மஞ்சள் வட்டமே. இரவில் அவற்றைப் பெறும் விவசாயப் போதனாசிரியர் என்ன சொல்ல முடியும்? அறக்கொட்டி தின்ற பயிரும் தூரத்திலிருந்து மஞ்சள். மேட்டுப் பகுதியில் நீர் நில்லாமல் வாடிய பயிரும் மஞ்சள். பக்டீரியா இலைவெளிறல் கண்ட பயிரும் நுனியிலிருந்து மஞ்சள். அறக்கொட்டியாயின் காரணம் இலையில் இல்லை. நெல்லின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமுள்ள கபில நிறப் பூச்சிகளாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரம்பில் நின்று எடுத்த படம் எத்தனை துலக்கமானதாயினும், அந்த இடத்தை அது பார்க்கவேயில்லை. அனுப்புகிறவர் தமக்கு முக்கியமெனப் பட்டதைத்தான் படம் பிடிக்கிறார். கேட்கப்படுகிறவருக்கு வேண்டியதோ அவர் பிடிக்காமல் விட்ட பகுதி.

ஆகவே போதனாசிரியர், “அடியைப் பிரித்து ஒரு படம் அனுப்புங்க” என்று பதில் எழுதுகிறார். அதற்கு மறுநாள் மீண்டும் வட்டைக்குப் போக வேண்டும். அந்தப் படத்திலும் தெளிவில்லையாயின் இன்னொரு நாள். இந்த இடைவெளியில்தான் மருந்துக்கடைக்காரரின் சொல் நுழைகிறது. அவரிடம் அதே படத்தைக் காட்டினால் தாமதமின்றி ஒரு போத்தல் கிடைக்கும். அன்று மாலையே எண்ணெய் அடித்தாயிற்று. அடிக்கப்பட்டது பெரும்பாலும் இலைமேல் படுகிறது. அடியில் இருக்கும் அறக்கொட்டி தப்ப, அதைத் தின்று வாழும் சிலந்திகளும் சிறு நாவாய்ப் பூச்சிகளும் மாள்கின்றன. முட்டையாயிருந்தவை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரித்து வரும்போது அவற்றைத் தடுக்க எவரும் இல்லை. பூச்சிகொல்லியே அறக்கொட்டியைப் பெருக்குகிறது என்ற இந்த உண்மை நன்கு நிரூபிக்கப்பட்டது. இதன் காரணமாகவே இந்தோனேசிய அரசு 1986ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதெனத் தடை செய்தது. ஆதலால் படம் அனுப்பிக் காத்திருப்பதில் கழியும் இரண்டு நாள்களை வெறும் தாமதமென்று நான் கருதவில்லை. தவறான சிகிச்சைக்கு அவையே வாசலைத் திறந்துவிடுகின்றன.

இனி, அதே மனிதர் வயலுக்குள் நின்றே காணொளி அழைப்பில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போதனாசிரியர் சொல்வது இப்படி இருக்கும்: “காக்கா, மஞ்சளுக்குள்ள போக வேணாம். பச்சையும் மஞ்சளும் சேருற ஓரத்துல நில்லுங்க. போன மகன்ட கையில குடுத்திட்டு, நீங்க ரெண்டு கையாலயும் பூட்டைப் பிரிச்சுக் காட்டுங்க. இப்ப அடியில மெல்லத் தட்டுங்க. கெமரா தண்ணியப் பாக்கட்டும்.” தட்டியவுடன் நீர்மேல் விழுந்து துடித்து, பக்கவாட்டில் நடந்து, மீண்டும் தண்டில் ஏற முயலும் சிறு பூச்சிகளை அவர் காண்கிறார். அசைவுதான் இங்கே அடையாளம். நின்றுபோன படத்தில் நீர்மேல் கிடக்கும் உமியும் பூச்சியும் ஒன்றுபோலத் தோன்றும். காய்ந்த வட்டத்தின் நடுவில் தேடினால் ஒன்றும் அகப்படாமற் போகலாம், ஏனெனில் சாறு வற்றிய பயிரை விட்டு அவை ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர் அந்த நேரத்திலேயே சொல்லக்கூடியதாயிருப்பதே நேர்க்காட்சியின் பெரும் பயன். குறுக்காக நடந்து இருபது பூடுகளைத் தட்டிப் பார்க்கலாம். தண்டொன்றுக்கு ஒரு பூச்சி அல்லது அதற்கும் குறைவு என்றால் செயற்பட இன்னும் அவகாசம் உண்டு என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த அவகாசத்தில் நீரை வடித்து அடியைக் காயவிடலாம், யூரியாவை நிறுத்திவைக்கலாம், சிலந்திகள் எத்தனை என்று எண்ணலாம்.

எனினும் நேர்க்காட்சியே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. காணொளி அழைப்பு வலையமைப்பின் பலத்துக்கு ஏற்பத் தன் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். வட்டைகளின் நடுவே சிக்னல் மெலிந்திருக்கும்போது, நீண்ட பக்கத்தில் 640 புள்ளிகளே மிஞ்சுவதும் சாதாரணம். பூட்டின் அடியில் 16 சென்ரிமீற்றர் அளவான பகுதியைக் காட்டினால், சென்ரிமீற்றருக்கு 40 புள்ளி. மூன்று மில்லிமீற்றர்ப் பூச்சிக்குக் கிடைப்பது 12 புள்ளி மாத்திரமே. அதே பகுதியைப் படமாக எடுத்து வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால், நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டுப் போகிறது. பூச்சிக்கு 30 புள்ளி கிடைக்கிறது. படமாக அன்றி ஆவணமாக அனுப்பினால் சுருக்கமே இல்லை. 4000 புள்ளிப் படமொன்றில் பூச்சிக்கு 75 புள்ளி. கபிலத் தத்தியா, வெண்முதுகுத் தத்தியா, இறகு குறுகியதா நீண்டதா என்பவற்றை 12 புள்ளியில் தீர்மானிக்க எவராலும் இயலாது. கெமராவை வேகமாக அசைத்தால் அந்த 12 புள்ளியும் கலங்கிக் கட்டங்கட்டமாகிவிடும். நீரின் சிற்றலைகள் மெழுகியதுபோல் தோன்றினால் காட்சி கெட்டுவிட்டது என்று பார்ப்பவர் அறிந்து, “அப்படியே வெச்சிருங்க” என்று சொல்ல வேண்டும். நேர்க்காட்சி மறைந்தும் போகிறது. ஒரு வாரத்தின் பின் பூச்சி கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அதில் எதுவும் எஞ்சாது.

என் அபிப்பிராயம் இதுவே: தேடுவதற்கு நேர்க்காட்சி, கண்டடைந்ததை நிச்சயிப்பதற்கும் பதிவுசெய்வதற்கும் படம். கமநல சேவை நிலையங்களில் உள்ளவர்கள், வரம்பில் எடுத்த படத்துக்கு மருந்தின் பெயரைப் பதிலாக அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, காலையில் ஒரு குறித்த நேரத்தைக் காணொளி அழைப்புக்கென ஒதுக்கி, அழைப்பு முடியுமுன் தாமே இடம் காட்டி மூன்று படங்களை எடுப்பிக்க வேண்டும்: ஓரத்துப் பூட்டின் அடி, தட்டியபின் நீர்மட்டம், பச்சைப் பயிரும் மஞ்சட் பயிரும் ஒரே சட்டத்துள். பச்சையும் சேர்ந்திருப்பது அவசியம். கெமரா தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையதாதலால், ஒப்பிட ஆரோக்கியமான பயிர் இல்லாவிடில் மஞ்சளின் அளவை நம்பலாகாது. சிக்னலே இல்லாத வட்டையில் நிற்பவர், இதே ஒழுங்கில், பிரித்தல், தட்டல், நீரைக் காட்டல் என்று ஒவ்வோரிடத்திலும் சற்று நிறுத்தி, அரை நிமிடக் காணொளியொன்றை எடுத்து, வீட்டுக்கு வந்ததும் படங்களோடு சேர்த்து அனுப்பலாம். அதில் இடையே கேள்வி கேட்க வழியில்லைதான். ஆயினும் வரம்பில் நின்று எடுத்த மூன்று மஞ்சள் படங்களால் முடியாத தீர்மானத்துக்கு, மறுநாள் பயணமின்றி அன்றிரவே வர அது போதுமாயிருக்கும்.