திறமையா, சூதா?

ஐ.பி.எல். கிரிக்கெட் பருவம் வந்துவிட்டால் ஈப்போவிலும், பழைய ரப்பர்த் தோட்டங்கள் இருந்த சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் சென்னை அணியைப் பற்றிய பேச்சு ஓயாது. இந்த ஆர்வத்தை நம்பி உருவானவையே கற்பனைக் கிரிக்கெட் செயலிகள். இந்தியாவில் டிரீம் 11 என்ற செயலி இவற்றுள் பெரும்புகழ் பெற்றது.

இதில் விளையாடுபவர், அன்றைய ஆட்டத்தில் களமிறங்கும் இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் ஏற்பப் புள்ளிகள் சேரும். தலைவராகக் குறிக்கப்பட்டவரின் புள்ளிகள் இருமடங்காகும். கட்டணப் போட்டி என்றால், பலர் கட்டிய பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வென்றவர்களுக்குத் தரும். யார் வென்றாலும் தோற்றாலும் நிறுவனத்தின் பங்கு குறையாது.

இது சூதாட்டமா? திறமையே மேலோங்கிய விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்பது இந்திய நீதிமன்றங்களின் நெடுநாளைய நிலைப்பாடு. 1967இல் ரம்மியையும் 1996இல் குதிரைப் பந்தயத்தையும் உச்ச நீதிமன்றம் திறமை விளையாட்டுகள் என்றது. அவ்வழியே 2017இல் பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் டிரீம் 11-ஐயும் திறமை விளையாட்டாக ஏற்றது. ஆட்டக்காரர்களின் திறனை ஆராய்ந்து தேர்ந்தெடுக்க அறிவு வேண்டும் என்பதே காரணம்.

அறிவு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், தலைவராகத் தேர்ந்த மட்டையாளர் 60 ஓட்டங்கள் எடுத்தால், ஓட்டங்களுக்கு மட்டுமே 120 புள்ளிகள் கிடைக்கும். அவரே முதல் பந்தில் ஆட்டமிழந்தால் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். அந்த ஒரு பந்தை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. இன்னொன்றும் உண்டு. திறமைக்கு இடமிருப்பதாலேயே புதியவர் பாதுகாப்பாக இருப்பதில்லை. புள்ளிவிவரங்களை அலசிப் பல அணிகளை இறக்கும் கைதேர்ந்தவர்களிடம் அவர் இன்னும் உறுதியாகத் தோற்பார். ஆகவே, 'திறமை' என்ற சொல் நிறுவனத்திற்குக் கேடயமே தவிர, சம்பளத்தில் பாதியை இழந்தவருக்கு ஆறுதல் இல்லை.

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் புதிய சட்டம் தடுத்தது. அதே மாதம் டிரீம் 11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது.

மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் முன்பே இப்படித்தான் பார்த்தது. அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த விளையாட்டைப் பணத்திற்கு ஆடினாலும் அது சூதாட்டம் என்கிறது அதன் வரையறை. எது எத்தனை விழுக்காடு என்று அளக்கும் வேலையே இல்லை. இதுவே தெளிவான வழி. எனினும், அச்சட்டம் சூது நடக்கும் வீட்டையும் கடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இன்றோ சூது நடக்கும் இடம் சட்டைப்பையில் இருக்கிறது. அதை நடத்துபவர் வேறு நாட்டில் இருக்கலாம். சட்டம் இனித் திருத்தப்பட வேண்டியது அந்த இடத்தில்தான்.