இரண்டு சுற்று, இரண்டு கணக்கு

ஸ்ரீராம்புரத்தில் 800 மீட்டர் ஓடும் எந்தப் பிள்ளையும் கடைசி வளைவில் தளர்ந்துவிட்டால், சுற்றி நிற்பவர்களிடமிருந்து வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "தம் பத்தலை." மறுநாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஐந்து சுற்று. தமிழில் இந்தத் 'தம்' வசதியான சொல். மூச்சும் அதுவே, தெம்பும் அதுவே, விடாப்பிடியும் அதுவே. ஆனால் பயிற்சி தருகிறவருக்கு அந்த வசதி கூடாது. 800 மீட்டரில் தளர்வதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றதற்கு ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்கள். இருவரும் 800 மீட்டரை 2 நிமிடம் 20 விநாடியில் ஓடுகிறார்கள். முதல்வன் 400 மீட்டரை மட்டும் தனியாக ஓடினால் 58 விநாடி. இரண்டாமவனுக்கு 65. அந்த 400 மீட்டர் நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். முதல்வனுக்கு 116 விநாடி. அவன் எடுத்துக்கொள்வதோ 140. இடைவெளி 24 விநாடி. இரண்டாமவனுக்கு 130, இடைவெளி 10 தான்.

ஒழுங்காகப் பயிற்சி பெற்ற பள்ளிப் பிள்ளைக்கு இந்த இடைவெளி சுமாராக 12 முதல் 16 விநாடி வரை இருக்கும். 24 என்றால் வேகம் இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் வலு இல்லை. அவனுக்குத்தான் 'தம் பத்தலை' என்பது பொருந்தும். 10 என்றால் இருக்கிற வேகத்தை அவன் கிட்டத்தட்ட முழுவதும் பயன்படுத்திவிட்டான். அவனை இன்னும் சுற்ற விடுவதில் பெரிய லாபமில்லை; அவனுக்குத் தேவை வேகம். கூடுதல் சுற்றுத் தண்டனை பல நேரம் இந்த இரண்டாமவன் தலையில்தான் விழுகிறது.

மேல்மட்டத்திலும் இதே கணக்குதான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் முதல் சுற்றை முன்னின்று நடத்தியவர் நம் ஸ்ரீராம் சிங். 400 மீட்டரை 50.85 விநாடியில் கடந்தார். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா 1:43.50 என்ற உலக சாதனையுடன் வென்றார். ஸ்ரீராம் சிங் 1:45.77 உடன் ஏழாவது. அவருடைய இரண்டாவது சுற்று 54.92, முதல் சுற்றைவிட நான்கு விநாடி அதிகம். (அந்த ஏழாமிடத்து நேரம்தான் 2018இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும்வரை 42 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது.) 2012 லண்டனில் டேவிட் ருடிஷா 1:40.91இல் உலக சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. ஆக, இரண்டாவது சுற்று சற்று மெதுவாவது குற்றமல்ல, இந்த ஓட்டத்தின் இயல்பு. பள்ளிப் பிள்ளைக்கு மூன்று நான்கு விநாடி வித்தியாசம் சரி. எட்டு, பத்து என்றால் முதல் சுற்றில் ஆசை மிஞ்சிவிட்டது, அல்லது அடித்தளம் இல்லை.

இரண்டு நிமிட ஓட்டத்துக்கான சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மூச்சில் வரும் ஆக்சிஜன் மூலம் கிடைக்கிறது. மிச்சம், தசை தன் சேமிப்பைக் கரைத்துத் தருவது. எதை முதலில் வளர்ப்பது என்பதில் பழைய சர்ச்சை உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் பல மாதங்கள் நெடுந்தூரம் ஓடவிட்டு, வேகத்தைப் பிறகு ஏற்றினார். அவர் மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோமில் தங்கம் வென்றார். பிரிட்டனில் செபாஸ்டியன் கோவின் தந்தை பீட்டர் கோ, எல்லா வேகங்களையும் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருந்தார். மகன் 1981இல் 1:41.73 ஓடினார்.

நம் பள்ளிப் பருவத்துக்கு லிடியார்டின் பாதை அப்படியே பொருந்தாது. ஜூனில் பள்ளி திறக்கிறது. மழை விடுவதற்குள் வட்டாரப் போட்டிகள் தொடங்கிவிடுகின்றன. வென்றால் மாவட்டம், மாநிலம். ஐந்தாறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். எனவே இரண்டும் எப்போதும் இருக்க வேண்டும். விகிதம் மட்டும் மாற வேண்டும்.

நம் 58 விநாடிப் பையனையே எடுத்துக்கொள்வோம். இலக்கு 2:14 என்று வைத்தால் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 33.5 விநாடி.

ஜூன், ஜூலையில் வாரம் ஐந்து நாள். மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 25 நிமிடத்தில் தொடங்கி 40 வரை. நான்காம் நாள், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 15 நிமிடம். ஐந்தாம் நாள், 80 மீட்டர் வீதம் ஆறு வேக ஓட்டங்கள், நடுவே மூன்று நிமிட ஓய்வு. இந்தக் கடைசி நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள், வெட்டக் கூடாது. இரண்டு மாதம் தொடாத வேகம் செப்டம்பரில் அழைத்தால் வராது, தொடைத் தசைதான் பிடித்துக்கொள்ளும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வாரத்துக்கு ஒரு நாள் 200 மீட்டர் ஆறு தடவை, தலா 34 விநாடி, நடுவே இரண்டு நிமிடம். முதலாவது 31, கடைசி 37 என்று வந்தால் அது பயிற்சியல்ல, ஆறு குட்டிப் பந்தயங்கள். ஆறும் 34ஐ ஒட்டி வந்தால்தான் உடல் அந்த வேகத்தைக் கற்றுக்கொள்கிறது. இன்னொரு நாள் 1000 மீட்டர் மூன்று தடவை, மிதமான வேகத்தில். 80 மீட்டர் ஓட்டங்கள் ஒரு நாள் தொடரும். மற்ற இரண்டு நாளும் எளிய ஓட்டம்.

அக்டோபரில் மொத்த தூரத்தைப் பாதியாக்கலாம். வாரம் ஒருமுறை 500 மீட்டரை 84 விநாடியில் ஓடி, ஆறு நிமிடம் நின்று, 300ஐ 50 விநாடிக்குள். முக்கியமான போட்டிக்குப் பத்து நாள் முன்பு கடினமான பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு சேர்ப்பது களைப்பு மட்டுமே.

65 விநாடிப் பையனுக்கு வாரத்தில் ஒரு எளிய ஓட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே 150 மீட்டர் ஐந்து தடவை, நடுவே ஐந்து நிமிடம் முழு ஓய்வு. மற்றதெல்லாம் அதேதான்.

இதையெல்லாம் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் எங்கே ஓடுவது? எளிய ஓட்டத்துக்குத் தடம் வேண்டாம். விடிகாலையில் மல்லேஸ்வரம் தெருக்கள் போதும், அங்குள்ள ஏற்றங்கள் கால்களுக்கு உரம். அளந்த தடம் தேவைப்படுவது வாரம் ஒரு நாளுக்குத்தான். கண்டீரவா போன்ற இடம் கிடைக்காவிட்டால், போக்குவரத்து இல்லாத நேரான பாதையில் 200 மீட்டரை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளலாம். சின்ன மைதானத்தில் நூறு மீட்டர் வட்டமடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. வளைவு குறுகலானால் நேரமும் பொய்யாகும், உள்பக்கக் கணுக்காலும் கணைக்கால் எலும்பும் வலிக்கும்.

கடைசியில் பருவத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பயிற்சிக் குறைவல்ல. ஒரே பிள்ளையை 400, 800, 1500, ரிலே என்று இரண்டே நாளில் நான்கிலும் இறக்குவது. எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து கூடுதலாக இரண்டு மூன்று நாள் நீடித்தால் அன்றைய பயிற்சி வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதை 'ஓடுகிறவளுக்கு இது சகஜம்' என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்பது போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், பிறகு ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை என்று நம்பித்தான் இங்கே பல வீடுகள் பிள்ளையை விடிகாலையில் எழுப்பி அனுப்புகின்றன. அந்த வீடுகளுக்கு ஆறு விநாடி என்பது சின்ன விஷயமல்ல. ஜூன் முதல் வாரத்தில் ஒரு 400, சில நாள் கழித்து ஒரு 800 ஓடவிட்டு, இரண்டு நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது போதவில்லை என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.