சத்தம் வரலையே தம்பி

மளிகைக்கடையில் 137 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர், “போட்டாச்சுண்ணே” என்று போனை நீட்டுகிறார். திரையில் பச்சை டிக் தெரிகிறது. கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் பெட்டியின் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, “சத்தம் வரலையே தம்பி” என்கிறார். வாங்கியவருக்கு முகம் சுருங்குகிறது. பின்னால் நிற்பவர்கள் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பணம் போனதுபோல டிக் காட்டும் போலிச் செயலிகளிடம் ஏமாந்தவர்கள் ஏராளம். வங்கியின் எஸ்எம்எஸ் வியாபார நெரிசலில் தாமதமாக வரும், சில நேரம் வராமலே போகும். 2024 ஜூனில் எச்டிஎஃப்சி வங்கி, யுபிஐ வழியாக 500 ரூபாய் வரை வரும் தொகைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையே நிறுத்தியது. 2019இல் பேடிஎம் கொண்டுவந்து, பிறகு போன்பே, பாரத்பே என்று எல்லோரும் கொடுக்கத் தொடங்கிய இந்தப் பெட்டி, எஸ்எம்எஸ்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, அதற்கு விஷயம் எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்தது.

கடைக்காரரின் போனோடு பெட்டி இணைந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் பெட்டி பேசும். அதற்குள் தனி சிம், பேட்டரி, சின்ன மின்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கின்றன. வாங்குபவரின் போனோடும் அதற்குத் தொடர்பில்லை.

அந்த 137 ரூபாயைப் பின்தொடர்வோம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் இருப்பது ஒரு யுபிஐ முகவரி. வாங்குபவரின் செயலி அதைப் படித்து, என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்குக் கோரிக்கை அனுப்புகிறது. என்பிசிஐ முதலில், அந்த முகவரியைக் கடைக்குக் கொடுத்த நிறுவனத்தின் தரப்பில், பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. அடுத்து வாங்குபவரின் வங்கி பின்னைச் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கிறது. பெறும் தரப்பு வங்கி வரவு வைக்கிறது. கடைசியில் என்பிசிஐயிலிருந்து இரண்டு பதில்கள் தனித்தனி வழியில் கிளம்புகின்றன. வாங்குபவரின் செயலிக்குப் போகும் பதில்தான் அந்தப் பச்சை டிக். மற்றொன்று, க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் தரப்புக்குப் போகிறது. பெட்டிக்கு ஆதாரம் இந்த இரண்டாவது பதில் மட்டும்தான். அதனால்தான் டிக் வந்தும் சத்தம் வராத தருணங்கள் நேர்கின்றன. அப்போது வாங்கியவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை.

நிறுவனத்தின் சர்வரிலிருந்து கடைக்கு வரும் கடைசிக் கட்டத்துக்குப் பரவலாகப் பயன்படுவது எம்க்யூடிடி என்ற தகவல் நெறிமுறை. பாலைவனத்தில் கிடக்கும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இரு பொறியாளர்கள் வடிவமைத்தது. இணைப்பு மெலிதாக, விட்டுவிட்டு வரும் இடங்களுக்கென்றே பிறந்ததால் சந்தைக்கடைக்கும் பொருந்துகிறது. பெட்டி, ‘வந்ததா, வந்ததா’ என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பதில்லை. இணைப்பை ஒருமுறை திறந்து வைத்துவிட்டு, ‘என் எண்ணுக்கு ஏதாவது வந்தால் சொல்’ என்று பதிந்துவிட்டுக் காத்திருக்கிறது. அவ்வப்போது ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு சிறு தகவலை மட்டும் அனுப்புகிறது.

வருவது குரல் அல்ல, பெரும்பாலும் எண்தான். பேச்சைப் பெட்டியே கோத்துக்கொள்ளலாம். ‘நூற்று’, ‘முப்பத்தி’, ‘ஏழு’, ‘ரூபாய்’ என்று பதிந்து வைத்த துண்டுகளை வரிசையாக ஒலிக்கவிட்டால் போதும். சரியாக 100 வந்தால் ‘நூற்று’ உதவாது, ‘நூறு’ தனியாக வேண்டும். 30க்கும் அப்படியே. சில பெட்டிகளின் தமிழ் தந்தி வாசிப்பதுபோல இருப்பதற்கு இந்தக் கோர்வைதான் காரணம்.

சிக்கல் இணைப்பு அறுபடும்போது. சர்வர் அனுப்பிய தகவலுக்குப் பெட்டி ‘கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் சர்வர் மறுபடி அனுப்பும். பரிவர்த்தனை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காத பெட்டி ஒரே 137ஐ இருமுறை அறிவிக்கும். சிக்னல் போய்விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், சர்வரில் தேங்கியவை மொத்தமாக வந்து இறங்கலாம். அப்போது வரிசையில் நிற்பவரின் 20 ரூபாய் என்று கடைக்காரர் கேட்டது, எப்போதோ டீ குடித்துவிட்டுப் போனவருடையதாக இருக்கலாம். பெட்டி தொகையைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. பழைய தகவல்களுக்குக் காலாவதி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் அவை அறிவிக்கப்படாமலே போகும்.

ஆகவே சத்தம் வராதபோது கடைக்காரர் பார்க்க வேண்டியது தன் வணிகச் செயலியின் பட்டியலை. வாங்கியவரின் திரையிலுள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண் அதில் இருந்தால், பணம் பதிவாகிவிட்டது, பெட்டிதான் ஊமை. பட்டியலில் பணம் சேர்ந்துகொண்டிருக்க, அடுத்தடுத்து எல்லோருக்குமே சத்தம் வரவில்லை என்றாலும் பழுது பெட்டியிலோ அதன் இணைப்பிலோதான். ஒருவருக்கு மட்டும் வரவில்லை, பட்டியலிலும் இல்லை என்றால், அவர் க்யூஆரை விட்டுவிட்டுக் கடைக்காரரின் போன் எண்ணுக்கு அனுப்பியிருக்கலாம். அது வேறு முகவரி, பெட்டிக்குத் தெரியாது. அல்லது பரிவர்த்தனை நடுவழியில் நிற்கலாம். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, பணம் கழிக்கப்பட்டும் கடைக்கு உறுதிப்படுத்தல் வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எந்தப் பணமும் சேராமல் எல்லோருக்கும் சத்தம் நின்றுபோனால், க்யூஆரை உற்றுப் பார்ப்பது நல்லது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர்களை யாரோ மாற்றி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

சத்தம் வந்துவிட்டாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ‘பெறப்பட்டது’ என்று பெட்டி சொல்லும் பணம் பல கடைகளில் அந்த நொடியில் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் இருப்பதில்லை. இடைநிலை நிறுவனத்தின் பேரிலுள்ள பொதுக் கணக்கில் விழுந்து, அன்றிரவோ மறுநாளோதான் அவருக்கு வரும். அந்த நிறுவனத்திடம் கடன் வாங்கியிருந்தால் தினத்தவணை போக மீதிதான் வரும். மாலையில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணம் தேடும் சின்னக் கடைக்கு இந்த இடைவெளி சின்ன விஷயமல்ல.

2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் யுபிஐக்கு வணிகர் கட்டணம் கிடையாது. நிறுவனங்களுக்கு வருமானம் பெட்டியின் மாத வாடகையிலிருந்தும், கடையின் வரவைப் பார்த்துத் தரும் கடனிலிருந்தும் வருகிறது. வாடகை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கட்டணம் பெற்றுச் சொல்லும் சாட்சிக்கு ஒரு தரம் வேண்டும். 2023 இறுதியில் ரிசர்வ் வங்கி, சிற்றூர்களில் பணப்பரிவர்த்தனைக் கருவிகள் நிறுவ மானியம் தரும் தன் நிதியத்தில் இந்தப் பெட்டிகளையும் சேர்த்தது. மானியம் கொடுக்க முடிந்தவர்களால் சில நிபந்தனைகளும் போட முடியும். இணைப்பு அறுந்ததும் பெட்டி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாமதமாக அறிவிக்கும் தொகையோடு பணம் செலுத்தப்பட்ட நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி பேசாமல் கிடந்த நாட்களுக்கு வாடகையைக் கழிக்க வேண்டும்.