வீடியோ போடுமுன் விலாசத்தை எடுத்துவிடுங்கள்



என் பழைய மாணவி ஒருத்தி வீட்டிலிருந்தே ஊறுகாய், பருப்புப் பொடி செய்து விற்கிறாள். யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறாள். ஒவ்வொரு வீடியோவின் கீழும் கைபேசி எண், கதவு எண், தெருப் பெயர் எல்லாம் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு யார் யாரோ அழைக்கத் தொடங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். "வியாபாரம் என்றால் எண் கொடுக்கத்தானே வேண்டும் சார்?" என்றாள். எண் கொடுக்கலாம்மா, அது கடைக்கென்று வாங்கிய தனி எண்ணாக இருக்கட்டும். வீட்டு விலாசம் மட்டும் வேண்டவே வேண்டாம். பார்சல் அனுப்புவதற்காக வீடியோவின் கீழே உன் விலாசத்தைப் போட வேண்டியதில்லை. இதுதான் என் கருத்து.

அவள் அன்றைக்கே கடைசி வீடியோவில் விலாசத்தை அழித்தாள். மறுநாள் போட்ட புது வீடியோவில் அது மறுபடியும் வந்து நின்றது. காரணம், யூடியூப் ஸ்டுடியோவில் Settings போய் Upload defaults பார்த்தால் தெரியும். அங்கே ஒருமுறை எழுதிய விவரம், உலாவி வழியாகப் போடும் ஒவ்வொரு புது வீடியோவிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் அங்கே அழிக்க வேண்டும். ஆனால் அங்கே அழித்தால் பழைய வீடியோக்கள் மாறாது. அவற்றையும் திறந்து திருத்த வேண்டும். சேனல் அறிமுகத்தையும், மேலே பின் செய்து வைத்த கருத்தையும் மறக்காதீர்கள். முடித்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, அந்நியரைப் போலப் பார்த்துச் சரிபாருங்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத விலாசம். கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வீடியோ கோப்புக்குள்ளேயே பதிவாகும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். தெரு மட்டுமல்ல, வீடே தெரிந்துவிடும்.

யூடியூப் பார்ப்பவருக்கு இந்த மூலக்கோப்பு போவதில்லை. ஆனால் அதே கோப்பை எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினாலோ, கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைப் பகிர்ந்தாலோ உள்ளிருப்பது அப்படியே போகும். கேலரியில் வீடியோவைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். வரைபடம் தெரிந்தால் இடம் பதிவாகியிருக்கிறது என்று பொருள். கேமரா அமைப்பில் அதை நிறுத்துங்கள். இனி எடுப்பவற்றில் வராது. ஏற்கெனவே எடுத்ததற்கு, கணினியில் ffmpeg வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைக் கொடுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -map_metadata -1 -c copy out.mp4
```

படத்தின் தரம் குறையாது. புதிய கோப்பின் விவரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அதை மட்டும் அனுப்புங்கள்.

ஏற்கெனவே யாராவது எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால் அதை நாம் அழிக்க முடியாது. அந்த மாணவியும் கடைசியில் எண்ணை மாற்றத்தான் வேண்டியிருந்தது. எண்ணை மாற்றலாம், வீட்டை மாற்ற முடியுமா? அதனால்தான் போடுமுன்பே பார்க்கச் சொல்கிறேன்.