கையில் கிடைக்கும் தொகையும் கணக்கில் வராத நேரமும்

நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரங்களில் தறி ஓட்டிப் பிழைத்த குடும்பங்களில் இருந்து இளைஞர்கள் வெளிநாட்டுச் சமையலறைகளுக்குப் புறப்படும்போது, ஏஜெண்ட் அவர்களிடம் ஒரே ஒரு தொகையைத்தான் சொல்கிறார்: "சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் போக மாதம் இவ்வளவு கையில் நிற்கும்." ஆந்திராவில் இருந்தாலும், திருத்தணி பக்கத்து ஊர்களோடு பேச்சும் உறவும் விட்டுப்போகாத பகுதி இது. இங்கிருந்து போகிறவருக்குத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் உள்ள சிங்கப்பூர் அந்நியமான ஊராகத் தோன்றுவதில்லை. தோசைக்கல்லும் தெரியும், மொழியும் தெரியும். தெரியாதது அந்தக் "கையில் நிற்கும் தொகை" எப்படி உருவாகிறது என்பதுதான்.

2023 செப்டம்பர் முதல், சிங்கப்பூரில் உள்ள இந்திய உணவகங்கள் சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் இந்தியாவிலிருந்து அழைத்துக்கொள்ள அந்நாட்டு மனிதவள அமைச்சு அனுமதித்துள்ளது. நிபந்தனை: நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் டாலர். தாளில் பார்த்தால் இது நல்ல நிபந்தனை. ஆனால் அந்நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் இடம் தருகிறது. தங்குமிடத்துக்கும் அதைச் சார்ந்த வசதிகளுக்கும் மாதச் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடிக்கலாம். முன்பணம், கடன் போன்ற சிலவற்றை நீக்கிவிட்டால், எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 2,000 டாலர். தங்குமிடத்துக்கு 450, சாப்பாட்டுக்கு 250 பிடித்தம். மீதி 1,300. டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 84,500 ரூபாய். ஊரில் தறியில் பெறும் கூலியோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். தங்குமிடப் பிடித்தம் 500-க்குள் இருக்கிறது, மொத்தப் பிடித்தம் 1,000-க்குள் இருக்கிறது. எனவே வரம்பைத் தாண்டவில்லை என்று முதலாளி சொல்வார். வரம்புக்குள் இருப்பதாலேயே பிடித்தம் நியாயமாகிவிடாது. அதே சட்டம் வேறு இரண்டு கேள்விகளையும் கேட்கிறது.

முதலாவது, சாப்பாடு. தொழிலாளி தானே கேட்டுப் பெற்ற உணவுக்கு, அதற்கு உண்மையில் ஆன செலவை மட்டுமே பிடிக்கலாம் என்பது விதி. சமையல்காரரின் நிலையோ விசித்திரமானது. காலை முதல் இரவு வரை அவர் நிற்பது அடுப்படியில். மதியம் வாடிக்கையாளர் கூட்டம் ஓய்ந்தபின் மிஞ்சிய சாதத்தையும் சாம்பாரையும் நின்றபடியே சாப்பிடுகிறார். அந்தச் சோற்றுக்கு அவரிடமே மாதம் 250 டாலர் வாங்கப்படுகிறது. அவர் அதைக் கேட்டாரா, அதன் அசல் செலவு என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. கணக்கு எப்போதும் ஒரே முழு எண்ணாக, எல்லா மாதமும் மாறாமல் வந்தால், அது உண்மையான செலவுக் கணக்கு அல்ல என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தங்குமிடம். தொழிலாளி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கும் தொகை அந்த இடத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஓர் அறையில் ஆறு கட்டில், கட்டிலுக்கு 450 என்றால் அறைக்கு 2,700 டாலர் வசூலாகிறது. முதலாளி அந்த அறைக்குக் கொடுக்கும் வாடகை இதைவிடக் குறைவென்றால், மீதி கூலியிலிருந்து பறித்த தொகை. அவர் உணவகம் மட்டுமல்ல, கட்டில் வியாபாரமும் நடத்துகிறார்.

தொழிலாளி வர்க்கத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. ஆலை முதலாளியே கடையும் வைத்து, வீடும் வாடகைக்கு விட்டு, கொடுத்த கூலியை அடுத்த கையால் திரும்ப வாங்கியதை எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய தம் நூலில் 1845-லேயே விவரித்திருக்கிறார். கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும் என்று பிரிட்டன் 1831-இல் சட்டம் போட்ட பின்னரும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. நம் மக்களுக்கு இதைவிட நெருக்கமான நினைவு இலங்கைத் தோட்டங்கள். அங்கே அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் கழித்துக்கொண்டது. தொழிலாளியின் கடனை எழுதிய "துண்டு" என்ற சீட்டு 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் துரத்தியது. இன்று துண்டு இல்லை. வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது, அவர் நினைத்தால் அதை ரத்து செய்யலாம். ஊரில் வாங்கிய கடன் வேறு கழுத்தில் கிடக்கிறது.

ஆனால் பிடித்தத்தோடு நின்றுவிட்டால் சுரண்டலின் பெரிய பாதி கண்ணில் படாமல் போய்விடும். அது நேரத்தில் இருக்கிறது. "கையில் நிற்கும் தொகை" என்ற சொல் செய்யும் உண்மையான வேலை, எத்தனை மணி நேர உழைப்புக்கு அது என்ற கேள்வியை எழவிடாமல் தடுப்பதுதான்.

சிங்கப்பூர் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். மாதம் 2,000 டாலர் சம்பளக்காரர் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார். மணிக்கூலியைக் கணக்கிடும் முறை எளிது: அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரங்களின் மொத்த மணி நேரமான 2,288-ஆல் வகுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2,000 என்றால் மணிக்கு ஏறத்தாழ 10 டாலர் 49 காசு; மிகைநேரத்துக்கு 15 டாலர் 73 காசு.

உணவகத்தில் ஒருவர் நாளுக்கு 11 மணி நேரம், வாரம் ஆறு நாள் நிற்பதாகக் கொண்டால், வாரத்துக்கு 66 மணி நேரம். அதாவது 22 மணி நேரம் மிகை. மாதத்துக்கு அது சுமார் 95 மணி நேரம் ஆகிறது. சட்டம் அனுமதிக்கும் மிகைநேரமோ மாதத்துக்கு 72 மணிதான். அந்த 72 மணிக்கு மட்டும் கணக்கிட்டாலே 1,130 டாலருக்கு மேல் அவருக்கு வர வேண்டும். இது சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்த 700 டாலரைவிட அதிகம்! சம்பளச் சீட்டில் பிடித்தம் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் தொழிலாளி அதைப் பற்றி முணுமுணுக்கவாவது செய்கிறார். எழுதப்படாத மிகைநேரத்தைப் பற்றி முணுமுணுப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. மிகைநேரம் தரப்படாத நிலையில், கையில் கிடைக்கும் 1,300 டாலரை மாதம் 286 மணி நேர உழைப்பால் வகுத்தால் மணிக்கு நாலரை டாலர் தேறுகிறது. பிடித்த 700-ஐத் திரும்பக் கூட்டினாலும் 7 டாலரைத் தாண்டாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. 2,000 என்று எழுதுவதற்குப் பதிலாக "அடிப்படைச் சம்பளம் 1,200, நிலையான படி 800" என்று பிரித்து எழுதிவிடலாம். நிலையான மாதச் சம்பளம் என்பது இரண்டும் சேர்ந்தது என்பதால் நிபந்தனை மீறப்படவில்லை. ஆனால் மிகைநேரக் கூலி அடிப்படைச் சம்பளத்திலிருந்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. மணிக்கு 15 டாலர் 73 காசு 9 டாலர் 44 காசாகச் சுருங்குகிறது. 72 மணி நேரத்துக்கு 680 டாலர்தான். ஒரு கோட்டைப் போட்டுப் பிரித்ததில் மாதம் 450 டாலர் மறைந்துவிடுகிறது. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் இதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை.

உணவும் இருப்பிடமும் கூலியில் கழிக்கத்தான் வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல. கத்தார் 2020-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டப்படி, 2021 மார்ச் 20 முதல் எல்லாத் தொழிலாளருக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து, 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும் உணவு தராவிட்டால் 300 ரியாலும் அதன்மேல் கூட்டித் தர வேண்டும். இங்கே கழித்தல் இல்லை, கூட்டல். குவைத்திலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுச் சமையலுக்குப் போனவருக்கு உணவு, உடை, இருப்பிடம், சிகிச்சை ஆகியவை முதலாளியின் பொறுப்பு. வளைகுடாவின் முடியாட்சிகள் தொழிலாளர் மீது அன்பு கொண்டவை என்று இதற்குப் பொருளில்லை. அங்கே சட்டம் தாளில் நிற்பதும் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருப்பதும் ஊரறிந்தது. எனினும் சட்டத்தை எந்தத் திசையில் எழுதுவது என்பது அரசியல் முடிவு என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

அந்த அரசியலில் இந்திய ஒன்றிய அரசு எங்கே நிற்கிறது? 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சப் பரிந்துரைக் கூலியை 30 முதல் 50 சதவீதம் வரை அரசே குறைத்தது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட பின் 2021-இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. சிங்கப்பூரைப் பொறுத்தவரை அந்தப் பரிந்துரைகூட இல்லை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. எனவே நாராயணவனத்துச் சமையல்காரரின் ஒப்பந்தத்தை எந்த இந்திய அதிகாரியும் பார்ப்பதில்லை. பிடித்தத்துக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கும் குறைந்தபட்ச அளவு கோரி, எல்லா நாடுகளுக்குமான ஒப்பந்தங்களையும் பதிவு செய்யும் கடமையை அரசு ஏற்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முன்னே வர வேண்டிய விஷயம்.

நாடு எதுவானாலும் ஒரு விதி மட்டும் பொருந்துகிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும்தான். இரண்டு வட்டிக்கு மூன்று லட்சம் கடன் வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்தவர் மாதம் 6,000 ரூபாய் வட்டியாகவே கட்டுகிறார். மிகைநேரத்தைப் பற்றிக் கேட்க அவர் வாய் திறக்காததற்கு அந்த 6,000 ரூபாய் போதுமான காரணம். பதிவு பெற்றவர் யார் என்பது அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. புத்தூரிலிருந்து அது ஐதராபாத்தைவிட அருகில்.

புறப்படும் முன் தொழிலாளி பார்க்க வேண்டிய தாள் ஒன்றுதான்: ஐபிஏ எனப்படும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். விமானம் ஏறுவதற்கு முன்பே, அவருடைய தாய்மொழியில், முதலாளி அதை அனுப்ப வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். போய்ச் சேர்ந்தபின் சம்பளத்தைக் குறைக்கவோ பிடித்தத்தைக் கூட்டவோ வேண்டுமானால், தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதலில் பெற்று, அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முதல் வாரமே ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் இதற்காகத்தான். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி வரியைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் அனுமதி இல்லை.

விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டியது 2016 முதல் கட்டாயம். அதோடு, தினமும் வேலைக்கு ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் தொழிலாளி தன் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், டாடெம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் மிகைநேரத்தை நிரூபிக்க ஓர் ஆதாரம் இருக்கும். வேலையில் இருக்கும்போது பாக்கி ஏற்பட்டு ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலையை விட்டவருக்கு ஆறு மாதம்தான் அவகாசம். ஊருக்குத் திரும்பி, கடன் அடைத்து, நிதானமாக நினைத்துப் பார்ப்பதற்குள் அந்த ஆறு மாதம் முடிந்துவிடுகிறது.